செட்டில்மென்ட் ஒப்புதலாகிவிட்டது, பணம் வரவில்லை: டிரேஸ் எண் கேட்டு வாங்குவது முதல் பணம் கைக்கு வருவது வரை

வண்டி விபத்துக்கான காப்பீட்டு கிளெய்ம் அது. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பச்சை எழுத்தில் "செட்டில்மென்ட் முடிந்தது" என்று இருந்தது. தொகை 84,600. அனுப்பிய தேதி 5. என் மைத்துனர் அதை என்னிடம் காட்டியபோது தேதி 20 ஆகிவிட்டது. அதற்குள் மூன்று தடவை போன் செய்திருக்கிறார். மூன்று தடவையும் ஒரே பதில்: "பணம் அனுப்பிவிட்டோம் சார், உங்கள் பேங்க்கில் கேளுங்கள்." பேங்க்கில் போய்க் கேட்டால், "எங்களுக்கு எதுவும் வரவில்லை, அனுப்பியவர்களிடமே கேளுங்கள்."

நான் சில வருடங்கள் ஒரு வங்கியின் பணப் பரிமாற்றப் பிரிவில் வேலை பார்த்தவன். இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதே அங்கே பாதி வேலை. இரண்டு பக்கத்தில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் இரண்டு பேருமே தங்கள் திரையில் தெரிவதைத்தான் சொல்கிறார்கள். நடுவில் நடந்தது இரண்டு திரையிலும் தெரிவதில்லை. அதைத் தெரியவைக்கும் சாவி ஒரே ஒரு எண்: பணத்தை அனுப்பும் வங்கி ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கொடுக்கும் டிரேஸ் எண். அந்த எண்ணை எப்படிக் கேட்டு வாங்குவது, வாங்கியபின் என்ன செய்வது என்பதை மைத்துனர் கதையோடு சேர்த்தே சொல்கிறேன். காப்பீடு என்றில்லை; ஓய்வூதியப் பணம், வேலையை விட்டபின் வரவேண்டிய கணக்குத் தீர்வு, வழக்கில் சமரசமான தொகை எதுவானாலும் வழி இதுதான்.

"அனுப்பிவிட்டோம்" என்றால் எது வரை?

ஒரு நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவு வேறு, கணக்குப் பிரிவு வேறு. கிளெய்ம் பிரிவு ஒப்புதல் கொடுத்ததும் தொகை கணக்குப் பிரிவின் வரிசைக்குப் போகும். அங்கே அன்றைக்குக் கொடுக்க வேண்டிய நூறு, இருநூறு பேரின் விவரங்களை ஒரே கோப்பாக்கி, தங்கள் வங்கிக்கு ஏற்றுவார்கள். வங்கி அந்தக் கோப்பைப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பரிமாற்றமாக அனுப்பும். கடைசியில் பெறுபவரின் வங்கி அதை வாங்கி, கணக்கில் வரவு வைக்கும்.

உங்களிடம் போனில் பேசுபவர் இருப்பது இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில். கோப்பு வங்கிக்கு ஏறிய உடனேயே அவர் திரையில் "அனுப்பப்பட்டது" என்று மாறிவிடும். அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் உங்கள் வரி மட்டும் தள்ளுபடியானாலும், பணம் போய்த் திரும்பி வந்தாலும், அவர் திரை மாறுவதில்லை. இன்னொரு சங்கதியும் உண்டு. சில நிறுவனங்களில் கோப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகையாகத்தான் கணக்கிலிருந்து கழியும். கணக்குப் பிரிவு ஆள் எட்டிப் பார்த்தால் மொத்தமும் போனதாகத்தான் தெரியும். திரும்பிய உங்கள் பணமோ அன்றைக்கோ சில நாள் கழித்தோ தனி வரவாக வந்து, யாருடையது என்று பொருத்தப்படாத பட்டியலில் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே "அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. "ஆமாம்" என்றுதான் பதில் வரும். எந்தத் தேதியில், எந்த வழியில், எந்தக் கணக்குக்கு, எந்த எண்ணில் என்று கேட்க வேண்டும்.

முதலில் நம் பக்கத்தைப் பார்த்துவிடுவோம்

கடிதம் எழுதுவதற்கு முன் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். பாதிப் பேருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

பாஸ்புக்கையோ ஸ்டேட்மென்ட்டையோ எடுத்து, ஒப்புதல் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து இன்று வரை எல்லா வரவையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரைத் தேடாதீர்கள். பணம் அவர்கள் வங்கியின் பெயரிலோ, அவர்களுக்காகப் பணம் பட்டுவாடா செய்யும் வேறொரு நிறுவனத்தின் பெயரிலோ வந்திருக்கலாம். தொகையையும் அப்படியே தேடாதீர்கள். வரி, கழிவு, நிலுவை என்று ஏதாவது பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருப்பார்கள். ஒரே தொகை இரண்டாகப் பிரிந்து வருவதும் உண்டு.

அடுத்து, ஒப்புதல் கடிதத்தில் பணம் யாருக்கு என்று எழுதியிருக்கிறது என்பதைப் படியுங்கள். வண்டி கடனில் வாங்கியதாக இருந்து, கடன் கொடுத்தவரின் உரிமை அதன்மேல் இருந்தால், தொகை நேரே அவருக்குப் போகலாம். பழுது பார்த்த பட்டறைக்கோ மருத்துவமனைக்கோ போயிருக்கலாம். செக்காகப் போட்டு பழைய முகவரிக்கு அனுப்பியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் கேட்க வேண்டியது செக் எண், தேதி, அது மாற்றப்பட்டுவிட்டதா என்ற மூன்றுதான். கீழே வரும் டிரேஸ் விவரம் எதுவும் அதற்குப் பொருந்தாது.

கடைசியாக, நீங்கள் கொடுத்த கணக்கு விவரத்தின் நகலைத் தேடி எடுங்கள். கிளெய்ம் படிவத்தில் எழுதியது மட்டுமல்ல, பல வருடங்களுக்கு முன் பாலிசி எடுத்தபோதோ வேலையில் சேர்ந்தபோதோ கொடுத்ததும் வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

எழுத்தில் கேளுங்கள், ஐந்து விவரம் கேளுங்கள்

போனில் கேட்டு எழுதிக்கொண்ட எண்ணை நம்பி வங்கிக்குப் போகாதீர்கள். பதினாறு, இருபத்திரண்டு எழுத்துள்ள எண்ணில் ஒரு பூஜ்யம் 'ஓ' எழுத்தாக மாறினாலும் தேடலில் எதுவும் கிடைக்காது. மின்னஞ்சலில் கேளுங்கள். கிளெய்ம் பிரிவுக்கும் புகார்ப் பிரிவுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். "கணக்குப் பிரிவுக்கு அனுப்பி வையுங்கள்" என்று வெளிப்படையாக எழுதினால்தான் அது அங்கே போகும்.

மைத்துனருக்காக நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி:

> கிளெய்ம் எண் ______. 84,600 தொகைக்கு 3ஆம் தேதி ஒப்புதல் தரப்பட்டது. 5ஆம் தேதி பணம் அனுப்பப்பட்டதாகத் தங்கள் பக்கத்தில் உள்ளது. இன்று 20ஆம் தேதி வரை அந்தத் தொகை என் கணக்கில் வரவாகவில்லை. 1ஆம் தேதி முதல் இன்று வரையான ஸ்டேட்மென்ட்டை இணைத்துள்ளேன்.
>
> இந்தக் கடிதத்தைத் தங்கள் கணக்குப் பிரிவுக்கு அனுப்பி, கீழ்க்கண்ட விவரங்களைத் தர வேண்டுகிறேன்: பணம் அனுப்பிய தேதியும் சரியான தொகையும், எந்தப் பரிமாற்ற முறையில் அனுப்பப்பட்டது, தங்கள் வங்கி அந்தப் பரிமாற்றத்துக்குக் கொடுத்த டிரேஸ் எண் (தங்கள் உள் ரெஃபரன்ஸ் எண் அல்ல), எந்த வங்கியில், எந்தக் கணக்குக்கு அனுப்பப்பட்டது, அதன் கடைசி நான்கு இலக்கங்கள், இந்தத் தொகை திரும்பி வந்துள்ளதா, வந்திருந்தால் எந்தத் தேதியில், என்ன காரணத்தால்.
>
> தங்களிடம் உள்ள என் வங்கிக் கணக்கு விவரம் சரியா என்பதையும் தெரிவிக்கவும். விவரம் கிடைக்கும்வரை இந்தக் கிளெய்மை முடிந்ததாகக் கணக்கிட வேண்டாம்.

கடைசி வரியைச் சும்மா சேர்க்கவில்லை. பணம் போய்விட்டது என்ற நிலையில் இருக்கும் கிளெய்ம், கணினியில் மூடப்பட்ட கிளெய்ம். மூடியதைப் பற்றிய புகார் பல இடங்களில் தானாகவே "தீர்க்கப்பட்டது" என்று முடிந்துவிடும்.

ஐந்தில் எது மிக முக்கியம் என்று கேட்டால், நான் டிரேஸ் எண்ணைச் சொல்லமாட்டேன். கணக்கின் கடைசி நான்கு இலக்கம்தான். பணம் வராத கிளெய்ம்களில் நான் பார்த்த வரையில் அடிக்கடி இருந்த காரணம், பணம் வேறொரு கணக்கை நோக்கிப் போனதுதான். அதை அந்த நான்கு இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்டேட்மென்ட் இணைக்கும்போது மற்ற வரவு செலவுகளை மறைத்து அனுப்பலாம். தேதிகளும், முதல் நாள் இருப்பும் கடைசி நாள் இருப்பும், தொடர்ச்சியாக இருக்கும் வரிசையும் தெரிந்தால் போதும்.

வந்த எண் சரியான எண்தானா?

மூன்று நாளில் பதில் வந்தது. "பணம் செலுத்திய ரெஃபரன்ஸ்" என்று போட்டு ஒன்பது இலக்க எண் ஒன்று. மைத்துனர் அதை எடுத்துக்கொண்டு பேங்க்குக்குக் கிளம்பிவிட்டார். நான்தான் நிறுத்தினேன். அது நிறுவனத்தின் சொந்த வவுச்சர் எண். உலகத்தில் வேறு எந்த வங்கியின் கணினியிலும் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

வங்கிகளுக்குள் செல்லும் எண்ணை அதன் உருவத்தை வைத்தே ஓரளவு அடையாளம் காணலாம். இந்தியாவில் இதை யூடிஆர் எண் என்பார்கள்; நெஃப்ட் முறையில் அனுப்பினால் அது 16 எழுத்துகள், ஆர்டிஜிஎஸ் என்றால் 22 எழுத்துகள். வழக்கமாக இரண்டிலும் முதல் நான்கு எழுத்து அனுப்பிய வங்கியின் குறியீடு. ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்க எண். அமெரிக்காவின் ஏசிஹெச் முறையில் டிரேஸ் எண் 15 இலக்கம். அதன் முதல் எட்டு, பணத்தை அனுப்பிய வங்கியைக் காட்டும். ஸ்விஃப்ட் வழியாக நாடு விட்டு நாடு வரும் பணத்துக்கு யூஇடிஆர் என்று ஒன்று உண்டு. அது 36 எழுத்து நீளம், நடுவில் நான்கு சிறு கோடுகள். வடிவம் இப்படி இருக்கும்:

```
xxxxxxxx-xxxx-4xxx-yxxx-xxxxxxxxxxxx
```

மூன்றாவது துண்டு எப்போதும் 4 என்று தொடங்கும். இந்த எண் இல்லாமல் நாடு விட்டு நாடு செல்லும் ஸ்விஃப்ட் வாடிக்கையாளர் பரிமாற்றமே கிடையாது. 2018 நவம்பரிலிருந்து அது கட்டாயம். ஆகவே "எங்களிடம் அப்படி எதுவும் இல்லையே" என்று அனுப்பியவர் சொன்னால், அவர் இன்னும் தன் வங்கியிடம் கேட்கவில்லை என்றுதான் பொருள்.

நீளம் பொருந்தவில்லையென்றால் நேரத்தை வீணாக்காமல் அப்போதே திருப்பி எழுதுங்கள்: "தந்திருப்பது தங்கள் உள் எண் என்று தெரிகிறது. பணம் அனுப்பிய வங்கி கொடுத்த எண் வேண்டும்." அதோடு, அந்த எண் எந்த முறைக்கு உரியது என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். முறை தெரியாமல் எண் மட்டும் இருந்தால், வங்கி ஊழியருக்கு எந்தத் திரையில் தேடுவது என்று தெரியாது.

ஒரு தரம் கேட்டும் தரவில்லையென்றால் சந்தேகப்பட இடமிருக்கிறது. எண்ணே இல்லாததற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வங்கி அந்தக் கோப்பிலேயே உங்கள் வரியைத் தள்ளியிருக்கும். பணம் வெளியே கிளம்பியே இருக்காது. அப்படியானால் கேள்வியை மாற்ற வேண்டும்: "பரிமாற்றம் நடக்கவே இல்லையா? வங்கி இந்த வரியை ஏற்கவில்லை என்றால் அதற்கான காரணத்தைத் தெரிவிக்கவும்."

எண்ணோடு எந்த பேங்க்குக்குப் போவது?

மைத்துனருக்கு 26ஆம் தேதி சரியான எண் வந்தது. பதினாறு எழுத்து, தேதி 5, தொகை 84,600. பணம் போன கணக்கின் கடைசி நான்கு இலக்கம் 4471. அவருடைய கணக்கு முடிவதோ 9038.

"மச்சான், இது என் பழைய சம்பளக் கணக்கு. மூடி ரெண்டு வருஷமாச்சே" என்றார்.

கிளெய்ம் படிவத்தில் புதுக் கணக்கைத்தான் எழுதியிருந்தார், கேன்சல் செய்த செக்கும் வைத்திருந்தார். ஆனால் பணம் அனுப்பும் கணினி, கிளெய்ம் படிவத்தைப் பார்ப்பதில்லை. ஆறு வருடத்துக்கு முன் பாலிசி எடுத்தபோது பதிந்த விவரத்தை எடுத்துக்கொண்டது. இது மிகச் சாதாரணமாக நடக்கிற ஒன்று. இத்தனை நாளும் அவர் போய் நின்றது தவறான பேங்க்கின் வாசலில். அந்தப் பணத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிய நியாயமே இல்லை.

ஆகவே எண் கிடைத்ததும், அது எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கியிடம் கேட்க வேண்டும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி "பணம் வந்ததா?" அல்ல. கவுன்டரில் இருப்பவர் உங்கள் கணக்கைத் திறந்து பார்த்து "இல்லை" என்பார், அவ்வளவுதான். வங்கிக்கு உள்ளே வந்து, கணக்கில் ஏறாமல் நிற்கும் பணம் கணக்குத் திரையில் தெரியாது. கேட்க வேண்டியது இது: "இந்த எண்ணில், இந்தத் தேதியில், இந்தத் தொகை உங்கள் வங்கிக்கு உள்வரவாக வந்ததா? வந்திருந்தால் வரவு வைத்தீர்களா, நிறுத்தி வைத்தீர்களா, திருப்பி அனுப்பினீர்களா? திருப்பியிருந்தால் எந்தத் தேதி, என்ன காரணக் குறியீடு?" இதற்குப் பதில் கிளையில் இல்லாமல், பரிமாற்றங்களைக் கவனிக்கும் மையப் பிரிவில் இருக்கும். எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்கிக்கொண்டால்தான் அங்கே போய்ச் சேரும்.

பதில் நான்கில் ஒன்றாக இருக்கும். வரவு வைத்துவிட்டோம் என்றால், எந்தக் கணக்கில் என்று சரிபாருங்கள். நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றால், கணக்கு முடங்கியிருக்கிறதா, அடையாள ஆவணம் புதுப்பிக்க வேண்டுமா என்று கேளுங்கள். அது உங்கள் கையிலேயே சரியாகிவிடும். வரவே இல்லை என்றால், அதை எழுத்தில் வாங்கி அனுப்பியவருக்கு அனுப்புங்கள். இனி தேட வேண்டியது அவர் வங்கி. திருப்பிவிட்டோம் என்றால், அந்தத் தேதியும் குறியீடும்தான் உங்கள் கையிலுள்ள மிகப் பலமான ஆயுதம்.

குறியீடுகளில் அடிக்கடி பார்ப்பது கொஞ்சம்தான். சர்வதேசச் செய்தி வடிவத்தில் `AC01` என்றால் கணக்கு எண் தவறு, `AC04` என்றால் கணக்கு மூடப்பட்டது. ஏசிஹெச் முறையில் மூடிய கணக்குக்கு `R02`, அப்படி ஒரு கணக்கே இல்லை என்பதற்கு `R03`.

திரும்பி வந்த பணம் எங்கே படுத்திருக்கிறது?

பழைய வங்கி நேர்மையாகவே பதில் சொன்னது: 5ஆம் தேதி வந்தது, கணக்கு மூடப்பட்டதால் திருப்பிவிட்டோம். அதாவது, மைத்துனர் என்னிடம் போனைக் காட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே பணம் நிறுவனத்தின் கணக்குக்குத் திரும்பியிருக்கிறது. உள்நாட்டுப் பரிமாற்றங்களில் இது வேகமாகவே நடக்கும். ஏசிஹெச்சில் மூடிய கணக்கு, இல்லாத கணக்கு போன்ற காரணங்களுக்கு இரண்டு வங்கி வேலை நாளுக்குள் திருப்ப வேண்டும் என்பது விதி. மற்ற உள்நாட்டு முறைகளிலும் பொதுவாக வாரக்கணக்கில் ஆவதில்லை.

திரும்பிய பணம் கிளெய்மில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது. பெயர் தெரியாத வரவாக வந்து, சஸ்பென்ஸ் கணக்கு என்று சொல்வார்களே, அதில் நிற்கும். யாராவது அந்த எண்ணை வைத்துத் தேடிப் பொருத்தினால்தான் உங்கள் கிளெய்ம் மறுபடி திறக்கும். மாதக் கடைசியில் கணக்கு சரிபார்க்கும்போது செய்யலாம், செய்யாமலும் போகலாம்.

அதனால் இரண்டாவது கடிதத்தில் கோரிக்கையே வேறு. எங்கே போனது என்று இனி கேட்கக் கூடாது. எங்கே இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டும்.

> தாங்கள் தந்த எண் ______ கொண்ட 84,600 பரிமாற்றம், கணக்கு மூடப்பட்ட காரணத்தால் 5ஆம் தேதியே திருப்பி அனுப்பப்பட்டதாகப் பெறும் வங்கி எழுத்தில் தெரிவித்துள்ளது, நகல் இணைப்பில். இந்தத் திரும்பிய வரவைத் தங்கள் வங்கிக் கணக்கில் சரிபார்த்து, என் கிளெய்முடன் பொருத்தவும். கிளெய்ம் படிவத்துடன் நான் தந்த 9038 என முடியும் கணக்குக்குத் தொகையை மீண்டும் அனுப்பவும். பாலிசிப் பதிவில் உள்ள பழைய கணக்கை நீக்கவும். அனுப்பியதும் புதிய டிரேஸ் எண்ணைத் தெரிவிக்கவும்.

பாலிசிப் பதிவில் உள்ள பழைய கணக்கை நீக்கச் சொல்வதை மறந்துவிடாதீர்கள். மறந்தால் மறுபடி அனுப்பும் பணமும் அதே பழைய கணக்குக்கே கிளம்பும். இப்படி இரண்டு தடவை திரும்பிய பணத்தை நானே பார்த்திருக்கிறேன்.

வேறொருவர் கணக்கில் ஏறிவிட்டால்

மூடிய கணக்கு என்றால் நிம்மதி, பணம் திரும்பிவிடும். ஒரு இலக்கம் தவறி, உயிரோடு இருக்கும் இன்னொருவர் கணக்குக்குப் போனால்தான் சிக்கல். பல முறைகளில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கிறார்கள். பெயர் பொருந்துகிறதா என்று நிறுத்திப் பார்ப்பதில்லை. ஆகவே கணக்கு எண் செல்லுபடியாக இருந்தால், அனுப்பியவர் திரையில் எல்லாம் சுபமாகவே தெரியும். பெறும் வங்கியும் "வரவு வைத்தாயிற்று" என்றே சொல்லும். அந்தக் கணக்கு யாருடையது என்று உங்களிடம் சொல்லாது, சொல்லவும் கூடாது.

இங்கே நீங்கள் நேரடியாகச் செய்ய முடிந்தது குறைவு. பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கையை அனுப்பிய வங்கிதான் வைக்க முடியும். அதுவும் அனுப்பிய நிறுவனம் சொன்னால்தான். பெறும் வங்கி அந்தக் கணக்குக்காரரின் சம்மதம் இல்லாமல் பொதுவாகப் பணத்தை எடுத்துத் தராது. அதனால் நாள் முக்கியம். கடைசி நான்கு இலக்கம் உங்களுடையது இல்லை என்று தெரிந்த அன்றே, "உடனே உங்கள் வங்கி மூலம் திரும்பக் கேட்கும் கோரிக்கை வையுங்கள்" என்று எழுதுங்கள்.

பிறகு, தவறு யாருடையது என்பதைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் படிவத்தில் எண் சரியாக இருந்து, அவர்கள் பதியும்போது தவறியிருந்தால், அந்தப் பணம் மீண்டு வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வது நியாயமில்லை. உங்களுக்குத் தர வேண்டியதை இன்னும் தரவில்லை என்பதே நிலைமை. தவறான கணக்கிலிருந்து வசூலிப்பது அவர்கள் வேலை. இதற்குத்தான் படிவத்தின் நகல் வேண்டும் என்றேன். நீங்களே தவறாக எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். அப்போது மீட்பு நடவடிக்கையோடு ஒத்துழைத்துத்தான் போக வேண்டும்.

நாடு விட்டு நாடு வரும் பணம்

இதில் நடுவே ஒன்றிரண்டு வங்கிகள் இருக்கும். பணம் அங்கே நின்றால், அனுப்பியவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பெயர் ஒத்துப்போவது, நோக்கம் தெளிவாக இல்லாதது என்று ஏதாவது ஒரு காரணத்தால் நடு வங்கி விளக்கம் கேட்டு அனுப்பிய வங்கிக்குச் செய்தி போட்டிருக்கும். அங்கே அது யார் மேசையிலோ காத்துக் கிடக்கும். யூஇடிஆர் எண்ணை வைத்துத் தேடினால், பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று வங்கியால் பார்க்க முடியும். நிலை `ACSP` என்றிருந்தால் இன்னும் வழியில் இருக்கிறது, `ACCC` என்றால் பெறுபவர் கணக்கில் ஏறிவிட்டது, `RJCT` என்றால் தள்ளப்பட்டது.

யூஇடிஆரோடு, பணம் அனுப்பிய செய்தியின் நகலையும் கேளுங்கள். பல வருடமாக அதை "எம்டி103 நகல்" என்றே கேட்டு வந்தோம். 2025 நவம்பரோடு ஸ்விஃப்ட்டில் வங்கிகளுக்கிடையே அந்தப் பழைய வடிவத்தின் இடத்துக்கு `pacs.008` வந்துவிட்டது. ஆனாலும் பழைய பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். அந்த நகலில் கணக்கு எண், பெயர், தொகை, கட்டணத்தை யார் ஏற்பது என்ற நான்கையும் பாருங்கள். கட்டணம் பகிர்வு என்றிருந்தால், நடு வங்கி கொஞ்சம் கழித்துக்கொண்டு அனுப்பியிருக்கும். முழுத் தொகையைத் தேடிக்கொண்டிருந்தால், குறைந்து வந்த வரவு கண்ணில் படாமலே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. நிலுவைப் பணத்துக்காகத் தேடுபவர்களைத் தேடி வரும் ஆட்களும் உண்டு. பணத்தை விடுவிக்கக் கட்டணம் கட்டு, ஓடிபி சொல், திரையைப் பகிர் என்று கேட்பவர் யாராக இருந்தாலும் துண்டித்துவிடுங்கள். டிரேஸ் எண் கொடுப்பதற்கு உங்கள் கணக்கின் ரகசியம் எதுவும் யாருக்கும் தேவையில்லை.

பதிலே வராவிட்டால்

முதல் கடிதத்துக்கு ஐந்து வேலை நாள் கொடுங்கள். வராவிட்டால் அதே கடிதத்தின் தொடர்ச்சியாக, அதே தலைப்பில், நிறுவனத்தின் புகார் அதிகாரிக்கு அனுப்புங்கள். புதிதாக எழுதினால் புதுப் புகாராகக் கணக்காகி, நாட்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் உங்கள் நாட்டில் அந்தத் துறையை மேற்பார்க்கும் அமைப்புக்கோ குறைதீர்ப்பாளருக்கோ போகலாம். நிறுவனத்திடம் முதலில் முறையிட்டு, குறிப்பிட்ட நாள் காத்திருந்தீர்களா என்று அங்கே கேட்பார்கள். எழுத்தில் கேட்ட தேதிகளும் புகார் எண்களும் அப்போதுதான் உதவும். போன் செய்த தேதி, பேசியவர், சொன்ன பதில் ஆகியவற்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

பெறும் வங்கியிடம் ஒரு கோபமும் பட வேண்டாம். பணம் அனுப்பியவர் அவர்களுக்கு வாடிக்கையாளரே இல்லை. தேடலைத் தொடங்கும் பொறுப்பு எப்போதும் அனுப்பியவர் பக்கமே. அந்தப் பக்கம் "உங்கள் பேங்க்கிலேயே டிரேஸ் போடச் சொல்லுங்கள்" என்றால், அதைப் பணிவாக மறுத்து இந்த ஒரு வாக்கியத்தை எழுதலாம்: "பரிமாற்றத்தைத் தொடங்கியவர் தாங்கள் என்பதால் தேடல் கோரிக்கையும் தங்கள் வங்கி மூலம்தான் செல்ல வேண்டும்."

மைத்துனருக்கு அடுத்த மாதம் 2ஆம் தேதி பணம் வந்தது. கூடவே புதிய டிரேஸ் எண்ணையும் அனுப்பியிருந்தார்கள். அவர் அதோடு விடவில்லை. பணம் திரும்பிய 5ஆம் தேதியிலிருந்து மறுபடி அனுப்பிய 2ஆம் தேதி வரை தொகை நிறுவனத்திடமே இருந்தது என்று காட்டி, அந்தத் தாமதத்துக்கு வட்டி கேட்டு மூன்றாவது கடிதம் போட்டார். பாலிசி நிபந்தனைகளில் தாமத வட்டி பற்றிய ஒரு பத்தி இருந்தது. அதன் எண்ணைக் குறிப்பிட்டு, பழைய வங்கியின் கடிதத்தையும் இணைத்திருந்தார். இரண்டு வாரத்தில் சிறு தொகை ஒன்று வந்தது. இந்த முறை நேரே 9038க்கு.